கடைசி வரிசைக்கு எந்த ஸ்லைடு தெளிவு என்று முன்கூட்டியே எப்படி முடிவு செய்வது?

மேசைவிளக்கு · செப்டம்பர் 3, இரவு 9.15

ஒரே செய்திக்கு இரண்டு ஸ்லைடுகள் செய்து வைத்திருக்கிறேன். ஓர் இயந்திரம் பிப்ரவரி முதல் ஜூலை வரை மாதத்துக்கு எத்தனை மணிநேரம் நின்றுபோனது என்பதுதான் செய்தி. ‘அ’ வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து. இடப்பக்கம் நான்கு வரிகள், வலப்பக்கம் சிறிய பட்டை வரைபடம். ‘ஆ’ கருநீலப் பின்னணி. மேலே ஒரே வாக்கியம், கீழே அகலமான பட்டை வரைபடம், பட்டைகளுக்கு அடியில் மாதப் பெயர்கள் சாம்பல் நிறத்தில்.

அலுவலகத்தில் எட்டுப் பேரிடம் மடிக்கணினியில் காட்டி, எது தெளிவாக இருக்கிறது என்று கேட்டேன். ஏழு பேர் ‘ஆ’ என்றார்கள். போன வாரம் மண்டபத்தில் ‘ஆ’வைப் போட்டேன். கடைசி வரிசையில் ஒருவர் கையைத் தூக்கி, “பட்டைகளுக்குக் கீழே இருப்பது எழுத்தா, கோடா?” என்று கேட்டார். அவை மாதப் பெயர்கள்.

16ஆம் தேதி அதே மண்டபத்தில் வேறு ஆட்களுக்கு மறுபடியும் பேச வேண்டும். மண்டபம் அதற்கு முந்தைய நாள்தான் கையில் கிடைக்கும். மேசையில் இருந்துகொண்டே எது தெளிவு என்று தீர்மானிக்க வழி உண்டா?

முந்திரிக்கொட்டை · செப்டம்பர் 3, இரவு 9.22

மிக எளிது. எழுத்தின் அளவு 30க்குக் கீழே போகக் கூடாது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு பாருங்கள். எது தெரிகிறதோ அதுதான் தெளிவு. இன்னும் வேண்டுமானால் எல்லா ஸ்லைடுகளையும் சிறுபடங்களாக வரிசையில் காட்டும் பார்வைக்குப் போய்ப் பாருங்கள். அதில் படிக்க முடிந்தால் மண்டபத்திலும் படிக்க முடியும். முடிந்தது வேலை.

இரண்டாம்பிரதி · செப்டம்பர் 3, இரவு 10.40

பின்னால் இருப்பவர்களுக்கு அச்சடித்துக் கொடுத்துவிடுங்கள். நான் எப்போதும் அப்படித்தான் செய்கிறேன். இருபது தாள் போதும். ஒலிபெருக்கியையும் ஒரு முறை சரிபார்த்துவிடுங்கள். பின்வரிசையின் பாதிப் புகார் காது பற்றியது.

மேசைவிளக்கு · செப்டம்பர் 3, இரவு 10.52

காது கேட்டது. கேட்டதால்தான் நான் “மே மாதத்தைப் பாருங்கள்” என்றதும் அவர் மே எங்கே என்று தேடினார். தாள் கொடுத்தால் பிரச்சினை தீரும், சரி. ஆனால் எது தெளிவு என்ற என் கேள்வி அப்படியே இருக்கும்.

ஒளிக்கற்றை · செப்டம்பர் 4, காலை 6.30

மண்டபங்களில் புரொஜெக்டர் கட்டுவதும் கழற்றுவதும்தான் என் தொழில். இரண்டு எண்கள் வேண்டும்: திரையில் விழும் படத்தின் உயரம் எவ்வளவு, கடைசி நாற்காலி திரையிலிருந்து எவ்வளவு தூரம்? திரைத்துணியின் உயரம் வேண்டாம், படத்தின் உயரம்.

முந்திரிக்கொட்டை, உங்களுக்குப் பிறகு வருகிறேன்.

மேசைவிளக்கு · செப்டம்பர் 4, மதியம் 1.10

மண்டபப் பொறுப்பாளரைத் தொலைபேசியில் பிடித்தேன். படத்தின் உயரம் 1.75 மீட்டர். கடைசி வரிசை 14 மீட்டர்.

ஒளிக்கற்றை · செப்டம்பர் 4, இரவு 8.05

14ஐ 1.75ஆல் வகுத்தால் 8. கடைசி வரிசைக்காரர் படத்தின் உயரத்தைப் போல 8 மடங்கு தள்ளி அமர்ந்திருக்கிறார். எங்கள் தொழிலில் பழைய கணக்கு ஒன்று உண்டு. நுணுக்கமான வரைபடத்தை ஆராய்பவர் 4 மடங்குக்குள், சாதாரணமாகப் படிப்பவர் 6 மடங்குக்குள், வெறுமனே படம் பார்ப்பவர் 8 மடங்குக்குள் இருக்க வேண்டும். உங்கள் கடைசி வரிசை படம் பார்க்கும் தூரத்தில் இருக்கிறது. நீங்கள் அங்கே இருப்பவரைப் படிக்கச் சொல்கிறீர்கள்.

இப்போது மேசைக்கு வாருங்கள். 14 அங்குல மடிக்கணினியில் ஸ்லைடை முழுத்திரையாக வைத்தால் அதன் உயரம் ஏறத்தாழ 17.5 செ.மீ. அதன் 8 மடங்கு 1.4 மீட்டர். நாற்காலியைப் பின்னால் தள்ளி, கண்ணுக்கும் திரைக்கும் 1.4 மீட்டர் இருக்கும்படி அமருங்கள். அங்கே உங்கள் கண்ணில் ஸ்லைடு எவ்வளவு பெரிதாக விழுகிறதோ, மண்டபத்தின் கடைசி வரிசையிலும் அவ்வளவுதான் விழும்.

உங்கள் எட்டுப் பேரும் 60 செ.மீ. தள்ளி நின்று பார்த்திருப்பார்கள். மண்டபக் கணக்கில் அது 6 மீட்டர். முன்பாதி ஆட்களிடம் கேட்டுவிட்டுப் பின்வரிசைக்குத் தீர்ப்பு எழுதியிருக்கிறீர்கள்.

மேசைவிளக்கு · செப்டம்பர் 4, இரவு 9.30

அளவுநாடாவோடு உட்கார்ந்தேன். 1.4 மீட்டர் என்பது நான் நினைத்ததைவிடக் கொடுமையான தூரம். அறையின் மறுசுவரில் முதுகு முட்டியது. ‘ஆ’வின் மாதப் பெயர்கள் எனக்கே தெரியவில்லை, அவற்றை எழுதியவன் நான் என்பதால் ‘தெரிவது போல’ இருந்தது, அவ்வளவுதான். ‘அ’வின் நான்கு வரிகளைப் படிக்க முடிந்தது. அதன் வரைபடத்தில் பட்டைகளின் மேலிருந்த எண்கள் எறும்புகள்.

முந்திரிக்கொட்டை · செப்டம்பர் 4, இரவு 9.41

நானும் இதையேதான் வேறு வார்த்தையில் சொன்னேன். எழுத்து 30.

ஒளிக்கற்றை · செப்டம்பர் 5, காலை 6.20

சொன்னதில் பாதி சரி. மீதியைச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம்.

30 என்ற எண்ணுக்கு ஸ்லைடின் உயரம் தெரியாமல் பொருள் இல்லை. பவர்பாயிண்டின் வழக்கமான ஸ்லைடு 7.5 அங்குல உயரம், அதாவது 540 புள்ளிகள். கூகுள் ஸ்லைட்ஸில் வழக்கமானது 5.625 அங்குலம், 405 புள்ளிகள். இரண்டும் அதே திரையை நிரப்பும். ஆகவே ஒன்றில் 24 என்று போட்ட எழுத்து இந்த மண்டபத்தில் ஏறத்தாழ 78 மி.மீ. இடத்தைப் பிடிக்கும், மற்றதில் 104 மி.மீ. ஒரே 24தான். ஒருவர் “24 நன்றாகத் தெரிந்தது” என்பார், இன்னொருவர் “தெரியவே இல்லை” என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை.

கண்ணைச் சுருக்குவது பற்றி. கிட்டப்பார்வைக்காரர்கள் தூரத்துப் பலகையைப் படிக்க என்ன செய்கிறார்கள்? கண்ணைச் சுருக்குகிறார்கள். இமையிடுக்கு சிறிய துளைபோல வேலை செய்து பிம்பத்தைக் கூர்மையாக்குகிறது. கூர்மையாக்கும் ஒன்றை வைத்துத் தெளிவின்மையைச் சோதிக்க முடியாது. ஸ்லைடில் எது முதலில் கண்ணில் படுகிறது, எது பெரிய திட்டாகத் தெரிகிறது என்று பார்க்க வேண்டுமானால் அது உதவும். எழுத்து படிக்குமா என்பதற்கு உதவாது.

சிறுபடப் பார்வையிலும் இதே கோளாறுதான். அங்கே எழுத்தைச் சிதைப்பது உங்கள் கண் இல்லை, திரையின் புள்ளிகள். இருநூறு புள்ளி அகலத்தில் ஒரு ஸ்லைடை நசுக்கினால் மண்டபத்தில் படிக்கக்கூடியதும் கசங்கிப்போகும். தூரம்தான் தூரத்துக்குப் பதில்.

முந்திரிக்கொட்டை · செப்டம்பர் 5, காலை 7.02

சரி. பெயருக்கேற்ப முந்திக்கொண்டேன். ஆனால் ‘பெரிதாகப் போடு’ என்பது தவறில்லையே?

ஒளிக்கற்றை · செப்டம்பர் 5, காலை 7.15

தவறே இல்லை. எவ்வளவு பெரிது என்பதுதான் கேள்வி. கண் மருத்துவரின் பலகையில் 6/6 வரி இருக்கிறதே, அந்த எழுத்தை 14 மீட்டருக்குப் பெருக்கினால் உயரம் சுமார் 20 மி.மீ. அது எல்லைக்கோடு, நல்ல கண், நல்ல வெளிச்சம், முழுக் கறுப்பு எழுத்து, நிதானமாக ஒவ்வோர் எழுத்தாகப் படிக்க நேரம் எல்லாம் இருந்தால்தான் படிக்க முடியும். சிரமமில்லாமல் ஓட்டமாகப் படிக்க அதைப்போல 3 மடங்காவது இருப்பது நல்லது.

மேசைவிளக்கு, மாதப் பெயர்களின் அளவு என்ன?

மேசைவிளக்கு · செப்டம்பர் 5, காலை 8.40

பவர்பாயிண்டில் 12. சொல்லவே கூச்சமாக இருக்கிறது. மென்பொருள் தானாகப் போட்டதை நான் தொடவில்லை.

ஒளிக்கற்றை · செப்டம்பர் 5, காலை 8.55

12 என்றால் திரையில் 39 மி.மீ. இடம். அதில் எழுத்தின் உடல் பெரும்பாலான எழுத்துருக்களில் பாதிதான் இருக்கும், மீதி மேலும் கீழும் விடும் வெற்றிடம். ஆக 20 மி.மீ.க்கும் கீழே. எல்லைக்கோட்டிலேயே நின்றிருக்கிறது, அதுவும் சாம்பல் நிறத்தில். கோடா என்று கேட்டவர் நியாயமாகத்தான் கேட்டிருக்கிறார்.

சுண்ணக்கட்டி · செப்டம்பர் 5, மாலை 5.30

முப்பது வருடம் கரும்பலகையில் எழுதியவள் என்ற முறையில் ஒன்று கேட்கலாமா? கடைசி வரிசையில் அமர்பவர்கள் படிப்பதற்காகத்தான் அங்கே அமர்கிறார்களா?

இருக்கட்டும். தமிழில் எழுதுகிறீர்கள் என்றால் எழுத்தின் உடல் தெரிந்தால் போதாது. கொம்பின் சுழியும் புள்ளியும் தெரிய வேண்டும். ‘கொடு’, ‘கோடு’ இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு சின்னச் சுழி. ‘விடு’, ‘வீடு’ அப்படியே. ‘மனம்’, ‘மணம்’ ஒரு சுழி கூடுதல். பலகையில் நான் எழுதிய ‘பெறு’ என்பதைக் கடைசி வரிசை ‘பேறு’ என்று எழுதிவைத்துக்கொண்டு தேர்வில் எனக்கே திருப்பிக் கொடுத்த அனுபவம் உண்டு. மதிப்பெண் குறைக்கவும் மனம் வரவில்லை.

பார்ப்பவர் முழுச் சொல்லையும் ஊகித்துவிடுவார் என்பதால் வாக்கியங்களில் இது தெரியாது. தனிச்சொல்லில்தான் கழுத்தறுக்கும்.

மேசைவிளக்கு · செப்டம்பர் 5, இரவு 10.10

அம்மா, இதைப் படித்ததும் மாதப் பெயர்களை மறுபடி பார்த்தேன். ஜூனும் ஜூலையும் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன. தூரத்திலிருந்து இரண்டுமே ‘ஜூ’ போட்ட ஒரு கட்டைதான். என் கதையே ஜூனில் கூடி ஜூலையில் குறைந்தது என்பது!

சுண்ணக்கட்டி · செப்டம்பர் 5, இரவு 10.25

அப்படியானால் கதை உங்கள் வாயில் மட்டும்தான் இருந்திருக்கிறது.

தடித்த எழுத்தாக மாற்றிவிட ஓடாதீர்கள். தடித்தால் ‘ண’, ‘ஞ’, ‘இ’ போன்றவற்றின் உள்வெளி அடைபட்டுத் திட்டாகிவிடும். மெலிந்தாலும் கரைந்துபோகும். நடுத்தரத் தடிமன், அளவு பெரிது. என் வாக்கு அதற்குத்தான்.

மேசைவிளக்கு · செப்டம்பர் 7, மாலை 6.45

சோதனை செய்தேன். நடைபாதையில் ஸ்டூல் மேல் மடிக்கணினி, தரையில் பத்து செ.மீ.க்கு ஒரு கோடு. ஆறு பேரை ஒவ்வொருவராக 3 மீட்டரிலிருந்து மெதுவாக முன்னால் நடக்கச் சொன்னேன். “தெரிகிறதா” என்று கேட்கவில்லை. “வாய்விட்டுப் படியுங்கள்” என்றேன். மாதமும் எண்ணும் சரியாக வந்த இடத்தில் நிற்கச் சொல்லித் தூரத்தைக் குறித்துக்கொண்டேன். எவ்வளவு தூரத்திலேயே படித்துவிடுகிறார்களோ அவ்வளவுக்கு அது தெளிவு.

‘ஆ’ ஏறத்தாழ 1.6 மீட்டர், ‘அ’ 1.3 மீட்டர். ஆக ‘ஆ’தான் மேல்! மண்டபத்தில் நடந்ததற்கு நேர்மாறாக வருகிறது. குழம்பிப்போய் உட்கார்ந்திருக்கிறேன்.

ஒளிக்கற்றை · செப்டம்பர் 7, இரவு 8.00

முறை நல்ல முறை. சாலைப் பலகைகளையும் இப்படித்தான், எத்தனை மீட்டரில் படிக்க முடிகிறது என்று அளந்து ஒப்பிடுவார்கள். இரண்டு கேள்விகள். எதை முதலில் காட்டினீர்கள்? இரண்டிலும் அதே எண்களா?

மேசைவிளக்கு · செப்டம்பர் 7, இரவு 8.12

எல்லோருக்கும் ‘அ’ முதலில். எண்கள் அதேதான். ஒரே செய்தி அல்லவா?

ஒளிக்கற்றை · செப்டம்பர் 7, இரவு 8.20

அப்படியானால் ‘ஆ’வை அவர்கள் படிக்கவில்லை, நினைவுபடுத்திக்கொண்டார்கள். ‘ஜூன் 38’ என்று ஒரு முறை வாய்விட்டுச் சொன்னவருக்கு அடுத்த முறை மங்கலான ஒரு 3 போதும், 38 தானாக வந்துவிடும்.

வேறு ஆட்கள். ‘அ’வுக்கும் ‘ஆ’வுக்கும் வேறு வேறு எண்கள், ஆனால் ஒரே மாதிரிச் சிக்கல் உள்ளவை: 3, 8, 6, 5 கலந்து வரட்டும், 1, 7, 4 எல்லாம் தூரத்திலேயே தெரிந்துவிடும். பாதிப் பேருக்கு ‘அ’ முதலில், மீதிப் பேருக்கு ‘ஆ’ முதலில். மாதங்களை வரிசைமாற்றிக் கேளுங்கள்; பிப்ரவரிக்கு அடுத்தது மார்ச் என்று ஊகித்தே சொல்லிவிடுவார்கள். மொத்த ஸ்லைடுக்கு ஒரே தூரமும் எழுதாதீர்கள். தலைப்பு எங்கே படித்தது, மாதம் எங்கே, எண் எங்கே என்று தனித்தனியாக எழுதுங்கள்.

இரண்டாம்பிரதி · செப்டம்பர் 7, இரவு 8.31

இருபது தாள்.

மேசைவிளக்கு · செப்டம்பர் 9, இரவு 9.50

மறுபடியும் ஆறு பேர். இவர்களுக்கு ஸ்லைடு புதிது. அலுவலகத்தில் இனி என்னைக் கண்டால் ஓடுவார்கள்.

தனித்தனியாக எழுதியதும் விஷயம் வேறாகிவிட்டது. ‘ஆ’வின் பட்டை எண்களை 2 மீட்டருக்கு அப்பாலிருந்தே எல்லோரும் படித்தார்கள். அதே ‘ஆ’வின் மாதப் பெயர்களுக்கு 1 மீட்டர் வரை வர வேண்டியிருந்தது, ஒருவர் 80 செ.மீ. வரை வந்தும் ஜூலையை ஜூன் என்றார். ‘அ’வின் நான்கு வரிகள் 1.5 மீட்டரில் படித்தன. வரைபட எண்களுக்கு 90 செ.மீ. நமக்கு வேண்டிய தூரம் 1.4.

ஆகவே ‘அ’வா ‘ஆ’வா என்று நான் கேட்டதே கோணலான கேள்வி. ஒவ்வொன்றிலும் ஏதோ ஓர் உறுப்பு தேறுகிறது, இன்னொன்று தோற்கிறது. மாதம் தெரியாமல் எண் மட்டும் தெரிந்து என்ன பயன்? தவிர்க்க முடியாத உறுப்புகளில் மிக மோசமானது எங்கே படிக்கிறதோ, அதுதான் அந்த ஸ்லைடின் தூரம்.

சராசரியையும் எடுக்கவில்லை. ஆறு பேரில் மிகவும் கிட்டே வந்தவரின் தூரத்தைத்தான் எடுத்துக்கொண்டேன். கடைசி வரிசையில் சராசரி மனிதர் யாரும் உட்காரப்போவதில்லை.

கண்ணாடிக்காரர் · செப்டம்பர் 10, காலை 11.15

இந்தச் சோதனையில் ஓர் ஓட்டை இருக்கிறது. என் கண்ணை வைத்துச் சொல்கிறேன்.

எனக்குக் கிட்டப்பார்வை. ஒரு கண்ணில் கண்ணாடி போட்டாலும் முழுப் பார்வை வராது. மற்றக் கண்ணுக்குக் குறை சிறிதுதான். கண்ணாடி இல்லாமல் ஒன்றரை மீட்டர் வரை தெளிவாகத் தெரியும், அதற்கப்பால் மங்கும். உங்கள் நடைபாதையில் 1.4 மீட்டரில் நான் ஒழுங்காகப் படித்துவிடுவேன். மண்டபத்தில் 14 மீட்டரில் அதே அளவு எழுத்து என் கண்ணில் விழும், ஆனால் மங்கலாக. கோணம் ஒன்று, குவியம் வேறு. கண்ணாடி போட வேண்டியவர்கள், போட்டும் எண் மாறிப்போனவர்கள் கூட்டத்தில் எப்போதும் உண்டு. உங்கள் மேசைச் சோதனை எங்களுக்குத் தாராளமாக மதிப்பெண் போடுகிறது.

ஒளிக்கற்றை · செப்டம்பர் 10, இரவு 7.40

ஒப்புக்கொள்கிறேன். இதை நான் யோசிக்கவே இல்லை. பெரிய தொலைக்காட்சி கிடைத்தால் ஓரளவு தப்பிக்கலாம். படம் 70 செ.மீ. உயரம் இருந்தால் 8 மடங்கு 5.6 மீட்டர், அந்தத் தூரத்தில் கிட்டப்பார்வை ஒளிந்துகொள்ள முடியாது.

மேசைவிளக்கு · செப்டம்பர் 10, இரவு 9.05

கூட்ட அறையில் அப்படி ஒன்று இருக்கிறது. நாளை.

இதற்கிடையில் ‘இ’ பிறந்துவிட்டது. ‘ஆ’வின் அகலமான வரைபடம், ‘அ’வின் வெள்ளைப் பின்னணி. நான்கு வரிகளை நீக்கிவிட்டேன், அவற்றை நான் வாயால் சொல்லிக்கொள்கிறேன். மாதப் பெயர்கள் 12இலிருந்து 32. திரையில் எழுத்தின் உடல் 50 மி.மீ. சொச்சம் வரும். 36 போட்டால் ‘பிப்ரவரி’ பக்கத்து மாதத்தின் மேல் ஏறுகிறது. நிறக்குறிப்புப் பெட்டியையும் எடுத்துவிட்டேன். பட்டையின் தலைமேலேயே எண்.

வெள்ளைதான் சரியா என்று மட்டும் இன்னும் தெரியவில்லை. மடிக்கணினியில் கருநீலம்தான் இன்னமும் பளிச்சென்று இருக்கிறது.

முந்திரிக்கொட்டை · செப்டம்பர் 10, இரவு 9.11

கருமைப் பின்னணி இருட்டு மண்டபத்துக்கு, வெள்ளைப் பின்னணி வெளிச்ச மண்டபத்துக்கு. இதிலாவது நான் முழுச் சரி என்று நினைக்கிறேன்.

ஒளிக்கற்றை · செப்டம்பர் 11, காலை 6.25

முக்கால் சரி. காரணம் தெரிந்தால் முழுமையாகிவிடும்.

புரொஜெக்டருக்குக் கறுப்பைப் போடத் தெரியாது. ஒளியைப் போடத்தான் தெரியும். ‘கறுப்பு’ என்பது அது ஒளி போடாத இடம்; அந்த இடம் மண்டப விளக்கில் திரை எந்த நிறமோ அந்த நிறத்தில் இருக்கும். விளக்கை எரியவிட்டுப் பாருங்கள், உங்கள் கருநீலம் சாம்பலாகிவிடும்.

ஓர் உதாரணம். வெள்ளை ஸ்லைடு போடும்போது புரொஜெக்டர் திரையில் 400 லக்ஸ் தருகிறது, மண்டப விளக்கு 100 லக்ஸ் கொட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். வெள்ளை இடம் 500, கறுப்பு இடம் 100. ஐந்துக்கு ஒன்று. வெள்ளையில் கறுப்பு எழுத்தானாலும் கறுப்பில் வெள்ளை எழுத்தானாலும் அதே ஐந்துதான். இதுவரை சமம்.

வித்தியாசம் இடைநிறங்களில்தான் வருகிறது. கரும் பின்னணியில் ஒரு சாம்பல் எழுத்து, வெள்ளையின் ஒளியில் 30 விழுக்காடு என்று கொள்ளுங்கள். எழுத்துக்கு 120உம் 100உம் சேர்ந்து 220. பின்னணி கருநீலம், 2 விழுக்காடு. 8உம் 100உம் சேர்ந்து 108. இரண்டுக்கு ஒன்றுதான். மடிக்கணினியில் பளிச்சென்று பிரிந்து நின்றவை இங்கே அண்ணன் தம்பியாகிவிடும். வெள்ளைப் பின்னணியில் அடர்சாம்பல் எழுத்து, 18 விழுக்காடு: 500க்கு எதிரே 172. மூன்றுக்குக் கொஞ்சம் கீழே. சுமார்தான், ஆனால் பிழைத்துக்கொள்ளும். மேலே கொட்டும் விளக்கு இருண்ட நிறங்களை எல்லாம் ஒன்றாக நசுக்குகிறது. வெளிர்நிறங்களை அவ்வளவு தொடுவதில்லை. ‘ஆ’வின் மாதப் பெயர்கள் அளவிலும் தோற்றன, நிறத்திலும் தோற்றன.

திரைக்கு மேலுள்ள விளக்கை மட்டும் அணைக்க முடிந்தால் கணக்கே மாறிவிடும். 15ஆம் தேதி போகும்போது அந்த சுவிட்ச் எங்கே என்று முதலில் பாருங்கள். கைபேசியில் லக்ஸ் காட்டும் செயலி ஒன்றைப் போட்டுக்கொண்டு, திரையோடு ஒட்டி, கைபேசியின் முகம் புரொஜெக்டரைப் பார்க்கும்படி பிடியுங்கள். வெள்ளை ஸ்லைடுக்கு ஒரு முறை, கறுப்பு ஸ்லைடுக்கு ஒரு முறை. எண் துல்லியமாக இருக்காது, விகிதம் போதும்.

கண்ணாடிக்காரர் · செப்டம்பர் 11, மதியம் 12.30

வெள்ளையைத் தேர்ந்தெடுக்குமுன் ஒரு மனு. விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு முழு வெள்ளை ஸ்லைடைப் போட்டால் எனக்குக் கண்ணில் நீர் வழிகிறது, எழுத்து கரைந்துவிடும். என்னைப் போன்றவர்களுக்குக் கரும் பின்னணி வரம். என் நண்பருக்குக் கருவிழி வளைவுக் கோளாறு. அவருக்குக் கறுப்பில் வெள்ளை எழுத்து ஒவ்வொன்றும் வால்முளைத்துத் தெரிகிறது என்பார். நாங்கள் இருவரும் ஒன்றாகப் போனால் யாராவது ஒருவர் புலம்புவோம்.

ஒளிக்கற்றை · செப்டம்பர் 11, இரவு 8.15

இதற்கு என்னிடம் பதில் இல்லை. வெள்ளையைக் கொஞ்சம் மங்கிய வெள்ளையாக்கலாம். ஆனால் விளக்கெரியும் மண்டபத்தில் அந்தக் கொஞ்சத்தையும் விட்டுக்கொடுக்க வசதி இருக்காது.

மேசைவிளக்கு · செப்டம்பர் 11, இரவு 10.00

தொலைக்காட்சியில் 5.6 மீட்டரில் ‘இ’யைச் சோதித்தேன். மூன்று பேர்தான் சிக்கினார்கள். இருவர் எல்லாவற்றையும் படித்தார்கள். மூன்றாமவர் எண்களைப் படித்தார், மாதங்களில் ‘மே’யை ‘மெ’ என்று படித்துவிட்டு, “மே ஆக இருக்க வேண்டும்” என்றார். ஊகித்துத்தான் சொன்னார். நடைபாதையில் யாரும் இங்கே தடுமாறவில்லை. கண்ணாடிக்காரர் சொன்ன ஓட்டை இதுதான் போலிருக்கிறது.

சுண்ணக்கட்டி · செப்டம்பர் 12, காலை 7.00

‘மெ’ என்று ஒரு மாதம் இல்லாததால் பிழைத்தீர்கள்.

மேசைவிளக்கு · செப்டம்பர் 15, மாலை 7.20

மண்டபத்துக்குப் போய்வந்தேன். திரைக்கு மேலிருக்கும் விளக்குக்குத் தனி சுவிட்ச் இல்லை. முன்வரிசை விளக்குகளோடு சேர்த்தே எரிகிறது. அணைத்தால் மேடையில் நான் இருட்டில் நிற்க வேண்டும். எரியவிட்டு அளந்தேன். வெள்ளைக்கும் கறுப்புக்கும் நான்கே முக்காலுக்கு ஒன்று. கையோடு ‘ஆ’வையும் போட்டுப் பார்த்தேன். கருநீலம் பழைய காக்கிச் சட்டையின் நிறத்தில் இருந்தது. வெள்ளைதான் என்று முடிவு செய்துவிட்டேன். கண்ணாடிக்காரர் மன்னிக்கவும், விளக்கு எரிவதால் கண் கூசாது என்று நம்புகிறேன்.

கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். எல்லாம் அழகாகத் தெரிந்தது. நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தவர் எனக்கு இரண்டு வரிசை முன்னால் சற்று உட்கார்ந்தார். அந்த நொடியில் ஏப்ரலும் மேயும் காணாமல் போயின. தரை சமதளம், திரை தாழ்வாகத் தொங்குகிறது. மாதப் பெயர்கள் ஸ்லைடின் அடிவிளிம்பில் இருக்கின்றன. காலி மண்டபத்தில் தெரியும், ஆள் வந்தால் தலைகளுக்குப் பின்னால் போய்விடும். போன முறை ‘கோடா’ என்று கேட்டவர் பாக்கியசாலி, அவருக்குக் கோடாவது தெரிந்திருக்கிறது.

ஒளிக்கற்றை · செப்டம்பர் 15, இரவு 7.45

இதை நான் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். சமதளத் தரையென்றால் அடியில் கால்பங்கை உங்களுடையது என்று நினைக்காதீர்கள். பட்டைகளைப் படுக்கவைத்துவிடுங்கள். மாதப் பெயர்கள் இடப்பக்கம் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்துவிடும், ‘பிப்ரவரி’யும் இடிக்காது. ஆறு வரிசையும் மேல் முக்காலுக்குள் அடங்குமா பாருங்கள்.

மேசைவிளக்கு · செப்டம்பர் 15, இரவு 11.40

அடங்கியது. தலைப்பை இரண்டு வரியிலிருந்து ஒரு வரியாக்கினேன். மாதப் பெயர் 32 அப்படியே. அதற்குமேல் ஏற்றினால் ஜூலை தலைகளுக்குள் இறங்குகிறது. அடியில் வெறும் வெள்ளை. யாராவது “ஸ்லைடு பாதியில் நின்றுவிட்டது” என்று சொல்வார்கள் போலிருக்கிறது.

சோதிக்க ஆளில்லை. வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள்.

மேசைவிளக்கு · செப்டம்பர் 16, இரவு 8.30

பேசி முடித்தேன். இடைவேளையில் கடைசி வரிசைக்குப் போய், என் குறிப்பேட்டை மூடி வைத்துக்கொண்டு, மூன்று பேரிடம் எந்த மாதம் அதிகம் நின்றது என்று கேட்டேன். இருவர் “ஜூன், 38” என்றார்கள். மூன்றாமவர் “ஜூன், 36” என்றார். மாதங்களைப் பெரிதாக்கிய வேகத்தில் எண்களைக் கவனிக்கவில்லை. பட்டைகளைப் படுக்கவைத்தபோது அவற்றை 32இலிருந்து 24ஆக மென்பொருள் சுருக்கியிருக்கிறது. நடுராத்திரி வேலையின் லட்சணம்.

முன்வரிசையில் ஒருவர், அடியில் ஏன் காலியாக விட்டிருக்கிறீர்கள் என்று கேட்டார். பின்னால் போய் உட்கார்ந்து பாருங்கள் என்றேன். போகவில்லை.

இரண்டாம்பிரதி · செப்டம்பர் 16, இரவு 8.44

தாள் கொடுத்தீர்களா?

மேசைவிளக்கு · செப்டம்பர் 16, இரவு 8.50

ஐந்து அச்சடித்துப் போனேன். நான்கு மீதி. ஒன்றை அந்த முன்வரிசைக்காரர் எடுத்துக்கொண்டார்.

கண்ணாடிக்காரர் · செப்டம்பர் 17, காலை 10.05

அடுத்த முறை கோப்பை முதல் நாளே அனுப்ப முடியுமா என்று அறிவிப்பிலேயே ஒரு வரி போடுங்கள். என் கைபேசியில் வேண்டிய அளவு பெரிதாக்கி, நிறத்தைத் திருப்பிப்போட்டு நானே பார்த்துக்கொள்வேன். 36 என்று சொன்னவருக்கும் அது உதவியிருக்கும்.

மேசைவிளக்கு · செப்டம்பர் 17, காலை 10.30

போடுகிறேன். எண்களை 32க்கு ஏற்றியாயிற்று. இன்று மாலை மறுபடியும் நடைபாதை.